மாமா போட்டோவுல பொருந்துன குல்லா மருமகனுக்குப் பொருந்துமா?

கேள்வி: அக்கா, காங்கேயத்துல இருந்து கேக்கறேன். பையன் ஒண்ணாவது படிக்கறான், மாறுவேடப் போட்டி வருது. தீரன் சின்னமலையா, கொடிகாத்த குமரனான்னு முடிவாகல. எந்தம்பியை நிக்க வெச்சுப் போட்டோ எடுத்து, போன்லயே ரெண்டு வேஷத்தையும் அது மேல வரைஞ்சு பாத்தோம். ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது. அந்த அளவையே குறைச்சுப் பையனுக்குத் தச்சுடலாமுங்களா?

பதில்: தெச்சுடாதீங்க அம்மிணி, சித்த பொறுங்க. தம்பி போட்டோவுல பாத்தது நல்ல வேலைதான். பையனை நிக்க வெச்சா ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டான், அவன் போட்டோவும் ஒறம்பரை குரூப் பூராச் சுத்தும். பெரியவங்கன்னா கேட்டுட்டு எடுக்கலாம், வேலை முடிஞ்சதும் அழிச்சுடலாம். ஆனா போட்டோவுல இருக்கறது பெரிய ஆளோட ஒடம்பு. அதைச் சின்னதாக்கினா சின்ன ஆள்தான் வருவாரு, கொழந்தை வராது.

எப்படீன்னா, உங்க தம்பி 170 சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். தலை, உச்சியிலிருந்து தாடை வரைக்கும் 23 இருக்கும். அப்போ அவரு ஒசரத்துல ஏழு தலைக்கு மேல அடங்கும். ஆறு வயசுப் பையன் ஒரு 115 இருப்பான், ஆனா அவன் தலை 20 வந்துரும். ஆறு தலை கூட முழுசா அடங்காது. ஒடம்பு மூணுல ரெண்டு பங்குதான், தலை மட்டும் கிட்டத்தட்ட பெரியவங்க தலை.

இதுல நானே ஒருக்கா மாட்டியிருக்கேனுங்க. தச்சுப் பழகுன புதுசுல ஒரு கொழந்தைக்குக் குல்லா. பெரியவரு தலைச் சுத்தளவு 57, மூணுல ரெண்டு பங்குன்னு கணக்குப் போட்டு 38க்கு வெட்டிட்டேன். மேடைக்குப் பின்னாடி மாட்டிப் பாத்தா, உச்சியில டம்ளரைக் கவுத்து வெச்ச மாதிரி நிக்குது. அந்தக் கொழந்தை தலை 52. அஞ்சு சென்டிமீட்டர்தான் குறைச்சிருக்கணும். அன்னிக்குக் குல்லா இல்லாமத்தான் மேடையேத்துனோம், வேற வழி?

அதனால ரெண்டு கணக்கு வெச்சுக்குங்க. தலையில உக்கார்றது எல்லாம், குல்லா, தலைப்பாகை, மீசை, பையன் தலையை டேப்புல அளந்து மட்டும் பண்ணுங்க. கையில பிடிக்கறது, தோள்ல தொங்கறது எல்லாம் மூணுல ரெண்டு பங்கு. போட்டோவுல தம்பிக்கு வாள் 75 வரைஞ்சிருந்தா பையனுக்கு 50. வேட்டியைப் போட்டோவுல இருந்து எடுக்கவே வேண்டாம். கொழந்தைக்கு ஒசரத்துல காலோட நீளம் கம்மி, இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் அவனையே நிக்க வெச்சு அளந்துக்குங்க.

போட்டோவுலயே சரியாப் பாக்கணும்னா ஒரு வேலை இருக்குது. தம்பி தலையை மட்டும் வெட்டி, கால் பங்குக்குக் கொஞ்சம் மேல பெருசாக்கி, அதே கழுத்துல ஒட்டுங்க. பாக்கச் சிரிப்பா இருக்கும், தம்பி கோவிச்சுக்குவாரு. ஆனா அதுதான் உங்க பையன் அளவு. அது மேல வேஷத்தை வரைஞ்சு பாருங்க. போட்டோவே கோணலா இருந்தா இதுவும் தப்பாப் போயிரும். பத்தடி தள்ளி நின்னு, போனை அவரு நெஞ்சு ஒசரத்துல பிடிச்சு எடுத்திருக்கணும். கிட்ட நின்னு மேல இருந்து எடுத்தா தலை தானாவே பெருசாத் தெரியும், கால் குட்டையாயிரும்.

இப்போ சின்னமலையா குமரனான்னு கேட்டீங்க. ரெண்டு படத்தையும் போன்ல கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, வேஷம் என்னன்னு தெரியாத பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட மூணு எண்ணுற நேரம் காட்டிட்டு எடுத்துருங்க. கடைசி வரிசையில உக்காந்திருக்கறவங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். நான் இப்படிக் காட்டுனப்போ தலைப்பாகை, மீசை, வாள் பாத்தவங்க பாதிப்பேரு கட்டபொம்மன்னு சொன்னாங்க. வாடகைக் கடையில ரெண்டு பேருக்கும் ஒரே டிரஸ்தான், அப்புறம் எப்படித் தெரியும்? ஓடாநிலைக் கோட்டை, சங்ககிரியில தூக்குல போட்டதுன்னு பையன் வாயால சொன்னாத்தான் சின்னமலைன்னு ஏறும். உங்க பையன் கணீர்னு பேசுவான்னா அவரையே வெச்சுக்குங்க. பேச்சு கம்மின்னா குமரன். வெள்ளைத் துணி, குல்லா, கையில கொடி. பாத்த ஒடனே சொல்லிருவாங்க.

ஆனா கொடியிலதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. குமரன் திருப்பூர் ஊர்வலத்துல அடிபட்டது 1932 ஜனவரி 10, மறுநாள் உயிர் போச்சு. அப்போ அசோகச் சக்கரக் கொடியே கெடையாது, அது 1947ல வந்தது. காங்கிரஸ் 1931ல ஏத்துக்கிட்ட கொடியில மூணு நிறம் இதேதான், நடு வெள்ளையில கைராட்டை இருக்கும். கடையில விக்கற தேசியக் கொடியை வாங்கி அது மேல ராட்டை வரையாதீங்க, தேசியக் கொடி மேல எதுவும் எழுதவோ வரையவோ கூடாது. காவி, வெள்ளை, பச்சை மூணு துண்டுத் துணியை நீங்களே ஒட்டுப்போட்டுத் தச்சு, வெள்ளையில ரெண்டு பக்கமும் ராட்டை வரைஞ்சுக்குங்க. நடுவர்ல ஒரு வாத்தியாராவது இதைக் கவனிப்பாரு.

அடுத்தது கொடியோட அளவு, இதுவும் போட்டோ ஏமாத்துற எடம். உங்க தம்பி கையைத் தூக்கினா முழங்கை உச்சந்தலை கிட்ட வரும், கை தலைக்கு மேல நல்லா நிக்கும். கொழந்தைக்குக் கை குட்டை, தலை பெருசு. தூக்கினா முழங்கை காது பக்கத்துலயே நின்னுரும். தம்பி கையில 90க்கு 60 கொடி கம்பீரமா இருந்திருக்கும். மூணுல ரெண்டு பங்குன்னா 60க்கு 40. அதைப் பையன் பிடிச்சா அவன் மூஞ்சியைத்தான் மூடும். அதனால இங்க அந்தக் கணக்குக்கும் கீழ போங்க, 45க்கு 30 போதும். கொம்பு மட்டும் நீளமா, அவன் ஒசரத்துக்கு 120 வெச்சுக்குங்க. நெஞ்சு கிட்ட ரெண்டு கையாலயும் பிடிச்சா துணி தலைக்கு மேல பறக்கும், மூஞ்சி தெரியும். மூங்கில் கனம், நுனி குத்தும். உள்ள காலியா இருக்கற பிளாஸ்டிக் ஒயரிங் பைப்பே போதும், மேல பழுப்புக் காகிதம் சுத்திக்குங்க.

நெத்தியில ரத்தம் மாதிரி செவப்புப் பூசறதும் உண்டு. எனக்கு அது பிடிக்காதுங்க, ஒண்ணாவது பசங்க பாத்து அழுவுதுங்க.

வேட்டிக்கு இடுப்புல எலாஸ்டிக் வெச்சு, முன்னாடி மடிப்பைத் தச்சே விட்டுருங்க. போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி முழு வேஷத்தையும் போட்டு, வாசல்ல இருந்து கேட் வரைக்கும் நடக்க விட்டு, கொடியைப் பிடிச்சு அவன் சொல்ற வசனம் முடியற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க. நடுவுல கை எறங்குச்சுன்னா கொம்பை ஒரு சாண் வெட்டுங்க.