கண்ணாடி உடைந்ததா, கரண்டி விழுந்ததா? குட்டி போர்டில் ஒலியைப் பிரித்தறிவது

[திரையில்: மேசை மேல் கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு. பக்கத்தில் ஒரு கரண்டி தரையில் விழுகிறது. போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது.]

பார்த்தீர்களா, விழுந்தது கரண்டி, போர்டு சொல்வது "கண்ணாடி உடைந்துவிட்டது". இத்தனைக்கும் கணினியில் சோதித்தபோது, போர்டுக்குள் ஒலியைக் கேட்டு விடை சொல்லும் இதே மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை சரியாகச் சொன்னது. நான் இதை முதல் தடவை சமையலறையில் வைத்த அன்று ராத்திரிக்குள் பத்து தடவைக்கு மேல் அலறியது, வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அந்தத் தொண்ணூற்றேழு எங்கே போனது என்பதுதான் இந்த வீடியோ.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இது ஆர்டுயினோ நானோ 33 பிஎல்இ சென்ஸ். 64 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 கிலோபைட் ராம், மைக் போர்டிலேயே இருக்கிறது. மைக் ஒரு வினாடிக்கு 16,000 சாம்பிள் தருகிறது, ஒவ்வொன்றும் 2 பைட், ஆக ஒரு வினாடி ஒலிக்கு 32 கிலோபைட். அதை அப்படியே மாடலிடம் கொடுப்பதில்லை. 30 மில்லிவினாடித் துண்டாக எடுத்து, 20 மில்லிவினாடி தள்ளித் தள்ளி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று 40 பட்டைகளாகப் பிரிக்கிறோம். ஒரு வினாடிக்கு 49 வரிசை, வரிசைக்கு 40 எண், மொத்தம் 1,960 எண்கள். இதற்குப் பெயர் மெல் ஸ்பெக்ட்ரோகிராம். இனி இது ஒலி இல்லை, ஒரு குட்டிப் படம்.

[திரையில்: இரண்டு ஸ்பெக்ட்ரோகிராம்கள். ஒன்றில் ஒரு செங்குத்துக் கீற்று, பின்னால் சிதறல். இன்னொன்றில் கிடைமட்டக் கோடுகள்.]

இடது பக்கம் கண்ணாடி. அடி விழும்போது கண்ணாடி வளைந்து கொடுப்பதால் முதலில் ஒரு கனமான "தொம்", அது கீழ்ப் பட்டைகளில் தெரிகிறது. உடனே மேல் பட்டைகளில் சில்லுகள் சிதறும் இரைச்சல், பிறகு ஒவ்வொரு சில்லாகத் தரையில் விழும் புள்ளிகள். வலது பக்கம் புகை அலாரம், ஏறக்குறைய 3,100 ஹெர்ட்ஸில் நேர்க்கோடு போட்ட மாதிரி. கண்ணால் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது என்பதால் மாடல் பெரிதாக இருக்கத் தேவையில்லை. நான் வைத்திருப்பது படத்தில் சின்னச் சின்ன வடிவங்களைத் தேடும் மூன்று கன்வல்யூஷன் அடுக்கு, 8, 16, 32 வடிகட்டிகள், கடைசியில் நான்கு விடைகள்: கண்ணாடி, அலாரம், மற்றவை, அமைதி. மொத்தம் 6,020 எண்கள்தான் மாடல். ஒவ்வொன்றையும் 8 பிட்டில் வைத்தால் ஏறக்குறைய 6 கிலோபைட். ஒரு தடவை ஓட்ட மூன்றரை லட்சம் பெருக்கல், ஒரு பெருக்கலுக்கு ஐந்து கடிகாரத் துடிப்பு போனாலும் 30 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். அதனால் கால் வினாடிக்கு ஒரு தடவை, கடைசி ஒரு வினாடி ஒலியை எடுத்து, மாடலிடம் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பிரச்சினை அந்தக் "கேட்டுக்கொண்டே"யில்தான் இருக்கிறது. கால் வினாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளில் 3,45,600 கேள்விகள். உண்மையில் கண்ணாடி உடைவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. மாடல் ஆயிரத்தில் ஒரு தடவைதான் தப்பாகக் "கண்ணாடி" என்று சொல்கிறது என்று வையுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டால் நாளைக்கு 345 பொய். சோதனைத் தொகுப்பில் கண்ணாடியும் கண்ணாடி அல்லாததும் ஏறக்குறைய சமமாக இருந்தன. வீட்டில் அப்படி இல்லை. அதனால் சதவீதத்தைப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். இப்போது பார்ப்பது ஒரே ஒரு எண்: ஒரு நாளைக்கு எத்தனை பொய் அலாரம்.

சரி, அந்தத் தொண்ணூற்றேழு என்ற எண்ணாவது நிஜமா? அதுவும் இல்லை, தப்பு என் பக்கம். பயிற்சிக்கு எல்லோரும் எடுப்பது போல ESC-50 தொகுப்பை எடுத்தேன். அதில் 50 வகை ஒலி, வகைக்கு 40 பதிவு, ஒவ்வொன்றும் 5 வினாடி. கண்ணாடி உடைவதும் ஒரு வகை. 40 போதாது என்று ஒவ்வொரு பதிவையும் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி, இரைச்சல் கலந்து, 400 ஆக்கினேன். அதன்பிறகு குலுக்கிப் போட்டு, ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கினேன். என்ன ஆனது? ஒரே கண்ணாடி உடைந்த பதிவின் ஒரு நகல் பயிற்சியிலும் இன்னொரு நகல் சோதனையிலும் போய் உட்கார்ந்துவிட்டது. வினாத்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதிய கதை. அந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் இதற்காகவே அதை ஐந்து பிரிவாகப் பிரித்து, ஒரே மூலப் பதிவிலிருந்து வந்தவை ஒரே பிரிவுக்குள் இருக்கும்படி கொடுத்திருக்கிறார்கள். முதலில் பிரிவு, அப்புறம்தான் நகல். வரிசையை மாற்றியதும் என் தொண்ணூற்றேழு எண்பதுகளில் வந்து நின்றது. அதுதான் அதன் உண்மையான முகம்.

[திரையில்: இரண்டு நெடுவரிசை எண்கள், பக்கத்துப் பக்கத்தில்.]

அதற்கும் மேல் ஒரு தொல்லை. கணினியில் சரியாக வரும் அதே மாடல் போர்டில் உளறினால், மாடலைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். போர்டில் பதிவான ஒரு வினாடி ஒலியின் 16,000 சாம்பிளையும், அதிலிருந்து போர்டு கணக்கிட்ட 1,960 எண்களையும் சீரியல் வழியாக வெளியே எடுத்து, அதே சாம்பிளைக் கணினியில் உங்கள் பைதான் நிரலுக்குக் கொடுத்து வரும் 1,960 எண்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு எல்லா எண்ணும் ஒரே அளவு கீழே இறங்கி இருந்தது. காரணம் சாதாரணமானது: பயிற்சிக்கு முன் ஒவ்வொரு பதிவையும் அதன் உச்ச சத்தம் முழு அளவைத் தொடும்படி பெருக்கியிருந்தேன், போர்டில் யாரும் அப்படிப் பெருக்குவதில்லை. லாகரிதம் எடுத்த பிறகு பெருக்கல் என்பது கூட்டல் ஆகிவிடும் என்பதால் படம் முழுக்க ஒரே அளவு மங்கலாகிறது. எல்லா எண்ணும் ஒரே அளவு தள்ளி இருந்தால் சத்தத்தின் அளவுதான் வேறு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாறுமாறாக இருந்தால் பட்டைகளைப் பிரிக்கும் கணக்கே வேறு. தீர்வு, பயிற்சியில் பெருக்குவதை நிறுத்திவிட்டு, சத்தத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் கொடுப்பது.

இன்னொரு விஷயம், செல்போனில் கண்ணாடி உடையும் ஒலியை ஓடவிட்டு போர்டைச் சோதிக்காதீர்கள். போன் ஸ்பீக்கரில் அந்த "தொம்" வரவே வராது, மேல் இரைச்சல் மட்டும்தான் வரும். அதில் தேறுவதற்காக மாடலை மாற்றினால், கீழ்ப் பட்டையே இல்லாமலும் கண்ணாடி இருக்கலாம் என்று கற்றுக்கொள்ளும், அப்புறம் சாவிக்கொத்தும் அதற்குக் கண்ணாடிதான். நான் பழைய குடுவைகளைத் துணிப்பையில் போட்டு, கண்ணுக்குக் கவசம் மாட்டி, சுத்தியால் உடைத்துத்தான் பதிவு செய்தேன். துணி கொஞ்சம் ஒலியை அமுக்கிவிடும், அதனால் சிலவற்றை ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் துணியில்லாமலும் உடைத்தேன். கண்ணாடியைவிட முக்கியமாக, கரண்டி, தட்டு, சாவி, நாணயம், மூடி என்று பொய் சொல்ல வைத்த எல்லாவற்றையும் அதே போர்டின் மைக்கில் பதிந்து "மற்றவை"யில் சேர்த்தேன். பொய் அலாரம் குறைந்ததில் பெரும்பங்கு இதற்குத்தான்.

அடுத்தது முடிவெடுக்கும் பகுதி. மாடல் ஒரு தடவை "கண்ணாடி" என்றதும் நம்பிவிடக் கூடாது. ஒரு வினாடி நீளப் பார்வை கால் வினாடி நகர்ந்தால், ஒரே சம்பவம் ஏறக்குறைய நான்கு பார்வையில் தெரியும். நான்கில் மூன்று பார்வையாவது 0.8க்கு மேல் நம்பிக்கையோடு "கண்ணாடி" என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

```c
hist = ((hist << 1) | (p_glass > 0.8f)) & 0x0F;
if (__builtin_popcount(hist) >= 3) {
  hist = 0;
  glass_event();
}
```

`glass_event()` அடித்த பிறகு சில வினாடி ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் ஒரே உடைப்பு மறுபடியும் அறிவிக்கப்படலாம். இதில் ஒரு ஏமாற்றம் உண்டு: ஆயிரத்தில் ஒன்று தப்பு என்றால் மூன்று தடவை சேர்ந்து தப்பாவது நூறு கோடியில் ஒன்று என்று கணக்குப் போடத் தோன்றும். அது தப்பு. அடுத்தடுத்த இரண்டு பார்வைகளில் முக்கால் வாசி ஒலி ஒன்றுதான், அதனால் கரண்டியைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த தடவையும் அதே கரண்டியைப் பார்த்துத்தான் ஏமாறும். ஒன்றிரண்டு பார்வையில் மட்டும் தடுமாறும் தப்புகளை இது வடிகட்டும், அவ்வளவே.

[திரையில்: நேரக்கோடு. மூன்று குட்டிக் கட்டைகள், ஒரு நீண்ட இடைவெளி, மறுபடி மூன்று.]

அலாரத்துக்கு இந்த வழி ஒத்துவராது, அது வேறு ஜாதி ஒலி. பல நாடுகளில் புகை அலாரம் அடிப்பது ஐஎஸ்ஓ 8201 தரத்தில் உள்ள தாளத்தில்: அரை வினாடி ஒலி, அரை வினாடி அமைதி, இப்படி மூன்று தடவை, மூன்றாவது ஒலிக்குப் பின் ஒன்றரை வினாடி இடைவெளி. ஒரு சுற்று 4 வினாடி. மாடல் பார்ப்பது ஒரு வினாடி மட்டும், அதற்குள் மைக்ரோவேவ் அடிக்கும் பீப்பும் புகை அலாரத்தின் பீப்பும் ஒரே மாதிரிக் கோடுதான். "மாடலின் விடை எரிந்து அணைவதை எண்ணலாமே" என்று தோன்றும், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் பார்வை ஒரு வினாடி நீளம், இடைவெளியோ அரை வினாடி, அந்த மூன்று பீப் முழுவதும் பார்வைக்குள் எப்போதும் கொஞ்சமாவது பீப் இருந்துகொண்டே இருக்கும், விடை அணையவே அணையாது.

அதனால் வேலையைப் பிரித்துவிடுங்கள். "இது அலாரம் மாதிரி" என்று சொல்வது மாடலின் வேலை. தாளத்தை எண்ணுவது சாதாரண நிரலின் வேலை. அதற்குத் தேவையானது ஏற்கெனவே கையில் இருக்கிறது: 20 மில்லிவினாடிக்கு ஒரு வரிசை வருகிறதே, அதில் 3,100 ஹெர்ட்ஸ் விழும் பட்டை சுற்றுப்புறத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அரை வினாடி என்றால் 25 வரிசை, ஒன்றரை வினாடி என்றால் 75. அறையின் எதிரொலி ஒலியை நீட்டி அமைதியைச் சுருக்கும் என்பதால் 25க்குப் பதில் 18 முதல் 32 வரை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு முழுச் சுற்று வந்தால்தான் அறிவிப்பு, ஆக 8 வினாடி தாமதம். அலாரம் நிற்காமல் அடிக்கப் போகிற ஒன்று, 8 வினாடி காத்திருப்பதில் பெரிய இழப்பில்லை. கண்ணாடி மறுபடி உடையாது, அதனால்தான் அங்கே இந்தச் சொகுசு கிடையாது. ஆலை மெஷின்களின் அலாரத்துக்கும் இதே முறைதான், அந்த மெஷினின் அதிர்வெண்ணையும் தாளத்தையும் ஒரு தடவை பதிந்து அளந்து எண்களை மாற்றினால் போதும்.

இதற்கப்புறமும் மீதி இருந்தது. மூன்று நாள் இரவும் பகலும் ஓடவிட்டதில் அலாரம் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. கண்ணாடி இரண்டு தடவை பொய் சொன்னது, இரண்டுமே சாவிக்கொத்து ஓட்டுத் தரையில் விழுந்தது. வரம்பை 0.8லிருந்து 0.9க்கு ஏற்றினேன், சாவி ஓய்ந்தது, ஆனால் மூடிய கதவுக்கு அப்பால் உடைத்த குடுவையும் கூடவே ஓய்ந்துவிட்டது, ஏனென்றால் கதவு மேல் அதிர்வெண்ணைத்தான் முதலில் விழுங்கும். மறுபடி 0.8க்கே வந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு போர்டு வைத்திருக்கிறேன்.