கையெழுத்துக்கு முன்னாடி 'பேசிக்' பாருங்க

வணக்கங்க. நான் ஷார்ஜாவுல ஒரு கட்டுமான கம்பெனியில டைம்கீப்பரா பதினாலு வருஷம் இருந்தவன். யார் எத்தனை மணிக்கு வந்தா, எத்தனை மணிக்குப் போனா, எவ்வளவு ஓவர்டைம்னு எழுதுறதுதான் என் வேலை. ஊருக்கு வந்த பிறகு நம்ம புதுக்கோட்டை பக்கம் வெளிநாடு கிளம்புற பசங்க அக்ரிமென்ட்டைத் தூக்கிட்டு வருவாங்க, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மாமான்னு. அதைப் பத்திதான் இன்னைக்கு ரேடியோவுல பேசப்போறேன். நான் சொல்றது எல்லாம் யு.ஏ.இ. கணக்கு. துபாய், ஷார்ஜா, அபுதாபி. சவுதிக்கும் குவைத்துக்கும் சட்டம் வேற, அதை இதோட குழப்பிக்காதீங்க.

போன மாசம் ரெண்டு பசங்க வந்தாங்க, மச்சான் மச்சினன். ரெண்டு பேருக்கும் வேற வேற கம்பெனி, ஆனா சம்பளம் ஒண்ணுதான், 1200 திர்ஹம். ஏஜென்ட் ரெண்டு பேர்கிட்டயும் "ஆயிரத்து இருநூறு பிளஸ் ஓ.டி."ன்னு சொல்லிட்டான், பசங்களும் அதே சந்தோஷத்துல இருக்காங்க. நான் பேப்பரை வாங்கி முதல்ல பாத்தது மொத்தத்தை இல்லைங்க, பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். ஒருத்தனுக்கு பேசிக் 1000, மத்த அலவன்ஸ் 200. இன்னொருத்தனுக்கு பேசிக் 600, அலவன்ஸ் 600. கூட்டினா ரெண்டும் 1200தான், அப்புறம் என்ன மாமா வித்தியாசம்னு கேக்குறான்.

வித்தியாசம் எங்க வருதுன்னா ஓவர்டைம்ல. அங்க ஓ.டி. கணக்கு பேசிக்ல இருந்துதான் வரும், மொத்தச் சம்பளத்துல இருந்து இல்ல. பேசிக்கை முப்பது நாளா வகுக்கணும், அதை எட்டு மணி நேரமா வகுக்கணும், வர்ற தொகையோட கால்பங்கு சேத்துக்கணும். ராத்திரி பத்து மணிக்கு மேல காலை நாலு வரைக்கும்னா பாதிப்பங்கு சேரும், ஷிப்ட்டுல போறவங்களுக்கு இது வராது. இப்ப 1000 பேசிக் பையனுக்கு ஒரு மணி நேர ஓ.டி. அஞ்சு திர்ஹம் இருபது காசு வருது. 600 பேசிக் பையனுக்கு மூணு திர்ஹம் பன்னெண்டு காசு. ரெண்டு பேரும் தினம் ரெண்டு மணி நேரம், மாசம் இருபத்தாறு நாள் ஓ.டி. பாக்குறாங்கன்னு வைங்க, ஒருத்தனுக்கு 270 கிடைக்கும், இன்னொருத்தனுக்கு 162. ஒரே வெயில், ஒரே சிமென்ட் மூட்டை, மாசத்துக்கு நூத்தி எட்டு திர்ஹம் குறையுது.

அதோட முடியலைங்க. வேலை முடிஞ்சு வரும்போது குடுக்கிற கிராஜுவிட்டி இருக்குல்ல, நம்மாளுங்க "சர்வீஸ் பணம்"பாங்க, அதுவும் பேசிக் மேலதான். ஒரு வருஷம் முடிச்சிருக்கணும், முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக். 1000க்கு வருஷம் 700 வரும், 600க்கு 420. ரெண்டு வருஷத்துல ஓ.டி.யும் இதுவும் சேந்து மூவாயிரம் திர்ஹமுக்கு மேல போயிடுது. கிட்டத்தட்ட ரெண்டரை மாசச் சம்பளம், ஒரு வரியில போயிடுச்சு பாருங்க. அந்த ஒரு வரிதான், பேசிக். நான் டைம்கீப்பரா இருந்தப்ப ஓ.டி. ஷீட்ல கையெழுத்துப் போட வர்ற ஆளுங்க என்கிட்ட சண்டை போடுவாங்க, நீ மணி நேரத்தைக் குறைச்சிட்டேன்னு. மணி நேரம் சரியாத்தான் இருக்கும், பேசிக்தான் குறைஞ்சிருக்கும். அதை ஊர்லயே கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்பாங்க.

அப்ப என்ன பண்றது? ஏஜென்ட் குடுக்குற பேப்பரை நம்பாதீங்க. அங்க உள்ள தொழிலாளர் அமைச்சகத்தோட ஆஃபர் லெட்டர்னு ஒண்ணு இருக்கு, அது அரபி, இங்கிலீஷோட தமிழ்லயும் வரும். நிஜமாத்தாங்க, தமிழ்லயே. அதைக் கேளுங்க. அப்புறம் போடுற காண்ட்ராக்ட்டு அந்த ஆஃபர் லெட்டரை விடக் குறைச்சலா இருக்கக் கூடாது. அதனால ஃபோட்டோ எடுத்து வீட்டுல ஒருத்தர் போன்ல வெச்சிடுங்க.

தங்குற இடம் பத்தி சுருக்கமா சொல்றேன். "கம்பெனி அக்காமடேஷன்"னு எழுதியிருக்கா, "ஹவுசிங் அலவன்ஸ்"னு இருக்கான்னு பாருங்க. பணம்னா நீங்கதான் பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு ரூம்ல ஒரு கட்டில் இடம் வாடகைக்குத் தேடணும், முந்நூறு திர்ஹம் அலவன்ஸ் அதுக்குப் பத்துமான்னு அங்க இருக்கிற சொந்தக்காரங்களைக் கேளுங்க. கம்பெனி தங்க வைக்கிற கேம்ப்னா, ஒரு ஆளுக்கு மூணு சதுர மீட்டர் குறையாம இருக்கணும்னு விதி. சுமார் முப்பத்திரண்டு சதுர அடி, ஒத்தைக் கட்டில் போட்டா அதுல பாதிக்கு மேல போயிடும். சாப்பாடு யாருது, கேம்ப்ல இருந்து சைட்டுக்கு வண்டி யாருது, கரண்டு பில் பிடிக்கிறாங்களான்னு எழுதி வாங்கிடுங்க.

இப்ப பாஸ்போர்ட். இதுல எனக்குச் சொந்தக் கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. தொண்ணூறுகள்ல எங்க அப்பா தவறிட்டாரு. வியாழக்கிழமை சாயந்திரம் செய்தி வந்துச்சு. பாஸ்போர்ட் கம்பெனி சேஃப்ல, சாவி மந்தூப்கிட்ட, அதாவது கம்பெனிக்கு வெளி வேலை பாக்குற ஆளு, அவரு லீவு நாளுக்கு வேற ஊருக்குப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கு. சனிக்கிழமை சாவி வந்து, டிக்கெட் போட்டு, நான் வீடு வந்து சேந்தப்ப பால் ஊத்தி முடிஞ்சிருச்சு. கம்பெனி என்னைக் கொடுமைப்படுத்தலைங்க, அவங்க நல்லவங்கதான். பாஸ்போர்ட் என் பெட்டியில இருந்திருந்தா நான் மூஞ்சியப் பாத்திருப்பேன், அவ்வளவுதான்.

இப்ப சட்டம் தெளிவா இருக்கு. 2021ல வந்த தொழிலாளர் சட்டம் 33, முதலாளி தொழிலாளியோட ஆவணங்களை வெச்சிக்கக் கூடாதுன்னு சொல்லுது. நம்ம நாட்டுச் சட்டப்படியும் பாஸ்போர்ட் இந்திய அரசோட சொத்து. ஆனா அக்ரிமென்ட்டுல "பாதுகாப்புக்காக கம்பெனியிடம் ஒப்படைக்க ஒப்புக்கொள்கிறேன்"னு ஒரு வரி இருக்கும், இல்லைன்னா தனியா ஒரு தாள் நீட்டுவாங்க. அந்த வரியை அடிச்சுட்டு பக்கத்துல சுருக்கொப்பம் போடுங்க. விசா வேலைக்குத் தரணும்னா குடுங்க, வாங்கின தேதி போட்டு ரசீது வாங்கிக்கிட்டு. முன்னாடி ஸ்டாம்ப் அடிக்கணும்னு மாசக்கணக்குல வெச்சிப்பாங்க, இப்ப விசா ஸ்டிக்கர் ஒட்டுறதே 2022ல நிறுத்திட்டாங்க, எமிரேட்ஸ் ஐடிதான். அந்தச் சாக்கு ஓடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரெண்டு விரல் காட்டுறாரு, ரெண்டு நிமிஷமாம். டிக்கெட்டுக்குத்தான் பெரிசா எழுதி வெச்சிருந்தேன், போச்சு. முக்கியமானதை மட்டும் சொல்லிடுறேன்.

வேலை முடிஞ்சு திரும்பி வர டிக்கெட் கம்பெனி குடுக்கணும். நீங்க அங்கயே வேற கம்பெனிக்கு மாறினா குடுக்க மாட்டாங்க, உங்க பக்கத்துக் காரணத்தால வேலை முடிஞ்சாலும் நீங்கதான் போடணும். லீவு டிக்கெட் வேற, அது அக்ரிமென்ட்டுல இருந்தாத்தான். ஒரு வருஷத்துக்கா ரெண்டு வருஷத்துக்கா, டிக்கெட்டா பணமா, அதைப் பாருங்க. இன்னொண்ணு, டிக்கெட் "வேலைக்கு எடுத்த இடம்" வரைக்கும்னு எழுதியிருப்பாங்க. இன்டர்வியூ மும்பையில நடந்திருந்தா மும்பை வரைக்கும்தான் போடுவான், அங்கிருந்து புதுக்கோட்டைக்கு நீங்களா ரயில் ஏறணும். அதனால எந்த ஏர்போர்ட்னு பேரு கேளுங்க, திருச்சின்னு எழுதச் சொல்லுங்க, எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்க. சரிங்க, தம்பி எந்திரிச்சே நின்னுட்டாரு, வர்றேன், வணக்கம்.