எந்த வாக்கியம் பத்தியைத் தாங்குகிறது?

வணக்கம். சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தியைக் கொடுத்து மையக்கருத்தை எழுதச் சொன்னால் நிறையப் பேர் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதிவிடுகிறார்கள், இல்லையென்றால் ஆண்டோ பெரிய மனிதர் பெயரோ எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ அதை எழுதுகிறார்கள். இன்றைக்கு ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு இதைப் பார்த்துவிடலாம். நானே எழுதிய பத்திதான், மெதுவாகப் படிக்கிறேன், கேளுங்கள்.

"ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. இன்று அந்த மலைத் தோட்டங்களுக்குள் போனால் காப்பிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள் உயர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். தோட்டக்காரர்களுக்கு இந்த நிழல் மரங்கள் பல வகையில் கைகொடுக்கின்றன. உச்சி வெயில் செடிமேல் நேராக விழாமல் தடுக்கின்றன. உதிரும் இலைகள் மண்ணை மூடி ஈரத்தைக் காக்கின்றன. அடிமரத்தில் மிளகுக்கொடியை ஏற்றிவிட்டால் காப்பிக் காசோடு மிளகுக் காசும் வருகிறது."

மொத்தம் ஆறு வாக்கியம். முதலில் ஒரு கேள்வி: இது எதைப் பற்றிய பத்தி? காப்பியைப் பற்றி என்று சட்டென்று வாய்க்கு வரும். ஆனால் முதல் வாக்கியத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு வாக்கியமும் மரத்தைத்தான் சுற்றி வருகிறது. அதனால் பொருள் நிழல் மரம். பொருள் தெரிந்துவிட்டால் மையக்கருத்து தெரிந்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது, அது வெறும் தலைப்புதான். அந்த மரத்தைப் பற்றி இந்தப் பத்தி என்ன சொல்கிறது என்ற இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் மையக்கருத்து, அது முழு வாக்கியமாக இருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் "எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "காப்பி 1820-களில் வந்தது", எப்படி? பத்தியில் பதிலே இல்லை. "நிழல் மரங்கள் பல வகையில் கைகொடுக்கின்றன", எப்படி? வெயிலைத் தடுத்து, ஈரத்தைக் காத்து, மிளகுக்கு இடம் கொடுத்து என்று அடுத்த மூன்று வாக்கியமும் வரிசையாகப் பதில் சொல்கின்றன. சரி, அப்படியென்றால் மூன்றாவது வாக்கியம் மையம், அடுத்த மூன்றும் அதற்குத் துணை. முதல் இரண்டும் நம்மைத் தோட்டத்துக்குள் அழைத்துப்போகிற வாசல். ஆண்டும் கலெக்டர் பெயரும் மனதில் பளிச்சென்று நின்றாலும் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் பத்தி சொல்ல வந்த விஷயத்துக்கு ஒரு குறையும் வராது, மூன்றாவதை எடுத்துவிட்டால் மீதி எதற்காக வரிசையாக வருகிறது என்பதை நாமேதான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு விடையும் அடிக்கடி வரும்: "காப்பிச் செடிக்கு நிழல் தேவை." கேட்க நன்றாக இருக்கிறது, பொய்யும் இல்லை. ஆனால் அந்த மிளகு வாக்கியத்தை எங்கே வைப்பீர்கள்? மிளகால் வருகிற காசுக்கும் காப்பிச் செடியின் நிழலுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு துணைச் செய்தி வெளியே நிற்கிறது என்றால் நாம் எழுதிய மையக்கருத்து குறுகிவிட்டது என்று அர்த்தம். இதற்கு நேர் எதிராக "ஏற்காட்டில் காப்பி விவசாயம் நடக்கிறது" என்று எழுதினால் உரம், அறுவடை, விலை எல்லாமே அதற்குள் அடங்கும், அவ்வளவு அகலம் இந்தப் பத்திக்கு இல்லை. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டு வகையும் அங்கே நிற்கும், இரண்டுமே உண்மையான செய்தியாக இருப்பதால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். உண்மையா என்று பார்த்தால் மட்டும் போதாது, பத்திக்குப் பொருந்துகிற அளவா என்றும் பார்க்க வேண்டும்.

சில பத்திகளில் மையக்கருத்து எழுதப்பட்டே இருக்காது. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் அது கெட ஆரம்பிக்கும், கிழங்கு கனமானது, தூரம் கூடினால் லாரி வாடகையும் கூடும், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கு விளைகிற ஊர்களை ஒட்டியே இருக்கின்றன என்று ஒரு பத்தி முடிந்துவிடும். இங்கே எந்த வாக்கியத்தை எடுத்து எழுதினாலும் அது ஒரு துண்டுதான். நான்கையும் சேர்த்து, "கிழங்கு சீக்கிரம் கெடும், ஏற்றிப்போகச் செலவும் ஆகும் என்பதால் ஆலைகள் வயல்களுக்குப் பக்கத்திலேயே அமைந்திருக்கின்றன" என்று நாமே ஒரு வாக்கியம் கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்புறம், செய்தித்தாளில் இந்த முறையை அப்படியே வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே கண்ணுக்கு எளிதாக இருக்க ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியத்துக்கு ஒரு பத்தி பிரித்துவிடுவார்கள், நான்கைந்து பத்தி சேர்ந்துதான் ஒரு கருத்து முழுமையாகும். அதனால் ஒரே விஷயத்தைப் பேசுகிற பத்திகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.