படம் மேலே, விடை கீழே: மாணவரின் கண் எங்கே போகும்?

வணக்கம். இன்றைக்குப் பலகையில் ஒரே ஒரு படம்தான். இதை வைத்தே முழுக்கப் பேசப் போகிறேன், அதனால் நீங்களும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ABC ஒரு முக்கோணம், AB = AC. உச்சியில் ∠A = 40°. BC கோட்டை வலப்பக்கம் D வரை நீட்டியாயிற்று. ∠ACD-ஐச் சரிபாதியாக வெட்டி மேலே போகும் கோடு CE. கேள்வி: ∠BCE எவ்வளவு?

ஆசிரியர்களான நமக்கு இது அரை நிமிட வேலை. இப்போதுதான் இந்தப் பாடத்துக்கு வந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? கேள்வியிலிருந்து பின்னோக்கிப் போகும். ∠BCE வேண்டுமென்றால் ∠ACE வேண்டும். அதற்கு ∠ACD வேண்டும். அதற்கு ∠ACB தெரிய வேண்டும். அதற்கு AB = AC என்பதைப் பயன்படுத்த வேண்டும். அதற்குள் 'நாம் எதைத் தேடி வந்தோம்?' என்று குழம்பி, மறுபடி கேள்வியைப் படிக்கும். சில பிள்ளைகள் எப்படியோ விடைக்கும் வந்துவிடுவார்கள். ஆனால் அடுத்த நாள் இதே மாதிரிக் கணக்கைக் கொடுத்தால் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து தடவுவார்கள்.

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். படிக்கும்போது மனம் எவ்வளவு சுமை தாங்கும் என்று பேசும் காக்னிட்டிவ் லோடு கோட்பாட்டுக்கு அடித்தளமான அவருடைய கட்டுரை 1988-இல் வந்தது. புதிய விஷயங்களை நாம் ஒரே நேரத்தில் நான்கு அளவில்தான் மனதில் ஏந்த முடியும். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளாவிட்டால் இருபது நொடிக்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்தச் சின்ன இடத்தைத் தேடலே நிரப்பிவிட்டால், 'இந்த மாதிரிப் படம் வந்தால் இந்தப் படி' என்ற பாங்கைக் கவனிக்க மிச்சம் எதுவும் இருக்காது. விடை வரும், பாடம் வராது. நமக்கு மட்டும் எளிதாக இருப்பது ஏன்? AB = AC என்று பார்த்ததுமே 'அடிக்கோணங்கள் சமம், ஆளுக்கு 70°' என்பது பழைய நினைவிலிருந்து ஒரே கட்டாக வந்து விழுகிறது. பிள்ளைக்கு அது நான்கைந்து தனித்தனி விஷயம்.

சரி, தேடலை எடுத்துவிடுவோம், தீர்த்த கணக்கையே காட்டிவிடுவோம். 1985-இல் ஸ்வெல்லரும் கூப்பரும் இயற்கணிதத்தில் அதைத்தான் செய்தார்கள். தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், அதே வகைக் கணக்குகளைத் தாங்களே போட்டுப் பழகியவர்களைவிட விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தப் பலன் அதே வகைக் கணக்குகளில்தான் கிடைத்தது. வேறு வகைக்குத் தானாகத் தாவவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்து நடந்ததுதான். தர்மிசியும் ஸ்வெல்லரும் இதையே வடிவியலில் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை! தீர்த்த கணக்கைப் படித்தவர்களும் தாங்களே போட்டவர்களும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தார்கள். காரணம் கணக்கில் இல்லை, அதை அச்சடித்த விதத்தில் இருந்தது. படம் மேலே, விடைப் படிகள் கீழே.

நம் பலகையிலும் அதே அமைப்புதான். இடப்பக்கம் படம், வலப்பக்கம் இப்படி எழுதுவோம்:

```
∠ABC = ∠ACB = (180° − 40°)/2 = 70°
∠ACD = 180° − 70° = 110°
∠ACE = 110°/2 = 55°
∠BCE = 70° + 55° = 125°
```

தப்பே இல்லாத விடை. ஆனால் இரண்டாவது வரியைப் பிள்ளையின் கண்ணால் படித்துப் பாருங்கள். ∠ACD என்று படிக்கிறது. படத்துக்குப் போய் A, C, D மூன்றையும் தேடுகிறது. நடு எழுத்துதான் முனை என்று நினைவுபடுத்திக்கொள்கிறது. C-யில் கோணங்கள் நிறைய இருக்கின்றன, அதில் எது என்று பிரிக்கிறது. பிறகு வரிக்குத் திரும்பினால், 70° எங்கிருந்து வந்தது என்று மேல் வரிக்குப் போக வேண்டும். இந்த அலைச்சலுக்கும் வடிவியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படிகளைப் படத்துக்குள்ளேயே எழுதிக் கொடுத்ததும் தீர்த்த கணக்கு பலன் தர ஆரம்பித்தது.

இப்போது நான் வரைவதைப் பாருங்கள். படத்தைப் பலகையில் பாதிக்குக் குறையாமல் பெரிதாகப் போடுங்கள், எழுத இடம் வேண்டும். B மூலையிலும் C மூலையின் உள்பக்கமும் 70°, பக்கத்தில் வட்டமிட்ட 1. வெளிக்கோணத்துக்கு ஒரு வில் போட்டு 110°, வட்டமிட்ட 2. CE கோட்டின் இருபக்கமும் 55°, வட்டமிட்ட 3. கடைசியில் B பக்கத்திலிருந்து CE வரை வேறு நிறச் சாக்பீஸில் பெரிய வில், 125°, வட்டமிட்ட 4. காரணத்தை எழுத வேண்டாம், கோணத்தில் விரலை வைத்துக்கொண்டே வாயால் சொல்லுங்கள்: "இரண்டு பக்கம் சமம், அதனால் இந்த இரண்டு மூலையும் சமம்." கண் படத்தில் இருக்கும்போது காது சும்மாதான் இருக்கிறது. ஆனால் பேச்சு காற்றோடு போய்விடும், அதனால் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். நீளமாக விளக்கினால் முதல் பாதி மறந்துவிட்டிருக்கும். எழுதியதையே அப்படியே வாசிக்கவும் வேண்டாம், கண்ணும் காதும் ஒன்றோடொன்று மோதும்.

தேர்வில் காரணத்தோடு வரி வரியாக எழுத வேண்டுமே என்பீர்கள். எழுதட்டும், இரண்டு மூன்று படம் இப்படிப் பார்த்த பிறகு. வட்டமிட்ட எண் வரிசையே விடையின் வரிசை. புரிந்ததை வரியாக்குவது ஒரு வேலை, வரியிலிருந்து புரிந்துகொள்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே பாடவேளையில் தலையில் ஏற்றாதீர்கள்.

தீர்த்த கணக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு விடுவதுதான் வழக்கமாகச் சறுக்குமிடம். அதனால் உடனே ஜோடிக் கணக்கு: அதே படம், ∠A மட்டும் 80°. முதல் மூன்று படிகளை, அதாவது 50°, 130°, 65° என்பதை நீங்களே குறித்துவிட்டு, கடைசிப் படியை மட்டும் காலியாக விடுங்கள். 115° வருகிறதா பாருங்கள். அடுத்த படத்தில் கடைசி இரண்டு படியும் காலி. அப்புறம் மூன்று. சுமை தாங்கவில்லை என்பது முகத்தில் தெரியாது. "130° ஏன்?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லிக் காரணத்தில் நின்றால், ஒரு படி பின்னால் வந்து மறுபடி நிரப்பிக் கொடுங்கள்.

இதே வைத்தியம் முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பாதகம். ஏற்கெனவே பாங்கு தெரிந்தவருக்கு நீங்கள் குறித்த ஒவ்வொரு எண்ணும் தேவையில்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது, அதனால் அவர் மெதுவாகிறார். கல்யுகாவும் ஸ்வெல்லரும் மற்றவர்களும் இதைப் பல பாடங்களில் காட்டியிருக்கிறார்கள். யார் எந்த நிலையில் என்று பிரிக்கத் தேர்வெல்லாம் வைக்க வேண்டாம். ∠A-ஐ மட்டும் கொடுத்து, படி எதுவும் குறிக்காத புதுப் படம் ஒன்றைக் காட்டி, முதலில் என்ன எழுதுவாய் என்று மட்டும் கேளுங்கள், சில நொடிதான் கொடுங்கள். "அடிக்கோணம்" என்று எழுதுபவருக்கு இன்னும் பாதிப் படம் வேண்டும். இரண்டு படியைத் தாண்டி நேராக ∠ACE-இன் அளவை எழுதுபவரிடம் வெறும் கணக்கைக் கொடுத்து, விட்டுவிடுங்கள்.