கிளைமிபிரைடு: சுகர் ஏறிய பிறகும் ஏன் மறுபடி பார்க்கணும்?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயசு. சுகருக்கு கிளைமிபிரைடு மாத்திரை 2 மில்லிகிராம் போடறாங்க. கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில கிரியேட்டினின் 1.4. காலையில சுகர் 48. குளுக்கோஸ் கொடுத்ததும் 118 வந்துடுச்சு. அப்புறமும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில இருக்கச் சொல்றாங்களே, எதுக்கு டாக்டர்?

பதில்: அந்த 118 நீங்க கொடுத்த குளுக்கோஸோட கணக்கு. உள்ளே போன மாத்திரை இன்னும் வேலை செஞ்சுகிட்டுதான் இருக்கு. சுகர் எவ்வளவு இருந்தாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறதுதான் இந்த வகை மாத்திரையோட வேலை. நீங்க கொடுக்கிற குளுக்கோஸும் கணையத்தைத் தூண்டும். அதனால எட்டு மணிக்கு 118 காட்டினவங்களுக்கு பதினோரு மணிக்கு மறுபடி 56 வரலாம்.

1.4 பாக்கறதுக்குச் சின்ன நம்பர்தான். ஆனா 78 வயசுப் பெண்ணுக்கு அதை வச்சு கணக்குப் போட்டா, கிட்னி வடிகட்டுற அளவு, அதாவது இஜிஎஃப்ஆர், 38 கிட்டதான் வரும். கிளைமிபிரைடு கல்லீரல்ல உடைஞ்ச பிறகும் அதுல ஒரு பொருளுக்கு சுகரைக் குறைக்கிற சக்தி இருக்கு. அது வெளியே போக கிட்னி வேணும். இன்சுலினையும் கிட்னிதான் ஓரளவு அழிக்குது. ரெண்டுமே தேங்கிடுது. இதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு மாத்திரை இதைவிட மோசம், இவங்க வயசுல அதைத் தொடவே கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

வீட்டுல முதல்ல செய்ய வேண்டியது: முழு நினைவோட விழுங்க முடிஞ்சா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூணு டீஸ்பூன் தண்ணில கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சுப் பாருங்க, 70-க்குக் கீழன்னா மறுபடி கொடுங்க. ஏறினதும் இட்லியோ சாதமோ சாப்பிட வைங்க. குத்தறதுக்கு முன்னாடி விரலைக் கழுவித் துடைங்க. விரல்ல ஒட்டின குளுக்கோஸே மெஷின்ல 150 காட்டிடும்! நினைவில்லாம இருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க.

முதல் தடவை ஏறினாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அங்கே ஆரம்பத்துல மணிக்கொரு தடவை பார்ப்பாங்க, ராத்திரியிலும் விட மாட்டாங்க. தூக்கத்துல இறங்கினா யாருக்கும் தெரியாது. குழப்பமான பேச்சு, நாக்குக் குழறல்னு பக்கவாதம் மாதிரியே வரும். பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை போடறவங்களுக்கு சுகர் இறங்கும்போது வர்ற படபடப்பே தெரியாம போகலாம். குளுக்கோஸ் டிரிப் ஓடும்போது வர்ற 140-ஐ நம்பக் கூடாது, டிரிப்பை நிறுத்தின பிறகும் பல மணி நேரம் நிக்குதான்னுதான் பார்க்கணும். திரும்பத் திரும்ப இறங்கினா இன்சுலின் சுரப்பையே அடக்குற ஆக்ட்ரியோடைடு ஊசி போடுவாங்க. சிலருக்கு ரெண்டு மூணு நாள்கூட ஆகும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கிளைமிபிரைடு இன்னும் சீட்டுல இருக்கான்னு பாருங்க. மெட்ஃபார்மினோட சேர்ந்த ஒரே மாத்திரையிலும் கிளைமிபிரைடு ஒளிஞ்சிருக்கும், அட்டையோட பின்பக்கத்தைப் படிங்க.