குழாய்த் தண்ணீர் குளிராத ஊரில் நாடியைத் தணிப்பது

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மற்ற ஊர்களிலும் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டால் வீட்டில் பெரியவர்கள் முதலில் சொல்வது, "போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்பதுதான். அது நல்ல யோசனை. ஆனால் கழுவிவிட்டு வந்த பலர், ஒன்றும் குறையவில்லையே என்கிறார்கள். குறையாததற்குக் காரணம் தண்ணீர். நம் ஊரில் கூரைத் தொட்டியில் வெயில் பட்டுக் கிடந்து குழாயில் இறங்கும் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். முகத்தின் தோல் 33, 34 டிகிரி. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான். முகம் ஈரமாகும், கொஞ்சம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். இதயத்துக்குச் செய்தி போக வேண்டுமானால் தண்ணீர் 10லிருந்து 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் குழாயைத் திறந்தாலே அது கிடைத்துவிடும். நமக்கு ஐஸ் வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான், அதனால் திரும்பவும் சொல்வேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நெற்றி, கண்ணைச் சுற்றிய பகுதி, மூக்கின் இரு பக்கம், இந்த இடங்களின் குளிர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. அங்கே குளிரும் ஈரமும் பட்டு, அதே நேரத்தில் மூச்சும் நின்றால், தலை தண்ணீருக்குள் போய்விட்டது என்று மூளைத்தண்டு எடுத்துக்கொள்கிறது. உடனே வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு ஆணை போகிறது: மெல்ல அடி. கை கால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. நாம் யோசித்துச் செய்வதல்ல, தானாக நடப்பது. அதனால்தான் பதற்றத்தில் "அமைதியாக இரு" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காத இதயம் இதற்குக் கேட்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். 1870ஆம் ஆண்டையொட்டி பிரான்சில் பால் பெர் என்ற உடலியல் அறிஞர், வாத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் அதன் இதயத்துடிப்பு வெகுவாகக் குறைவதைக் கவனித்து எழுதினார். மூச்சு முட்டினால் இதயம் வேகமாக அடிக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? அங்கே நேர்மாறாக நடந்தது. பிறகு நார்வேயில் வளர்ந்த ஷோலாண்டர் என்ற ஆய்வாளர் கடல்நாய்களை ஆராய்ந்து 1940இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். கடல்நாய் முங்கிய உடனே துடிப்பு இறங்குகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோவதற்கு வெகு முன்பே இறங்குகிறது. தசைகளுக்கு ரத்தம் போவது ஏறக்குறைய நின்றுவிடுவதால், அங்கே சேர்ந்த லாக்டிக் அமிலம் மேலே வந்த பிறகுதான் ரத்தத்தில் கலக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அவரும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவின் வடகோடிக் கடலில் முத்துக்குளிப்பவர்களின் நாடியைப் பதிவு செய்தார்கள். மனிதனுக்கும் நாடி இறங்குகிறது என்று அங்கே தெரிந்தது. கொற்கையிலும் மன்னாரிலும் காலங்காலமாக முத்துக்குளித்தவர்களின் உடம்பிலும் இதே ஏற்பாடு வேலை செய்திருக்கும். உங்கள் உடம்பிலும் இருக்கிறது. கடல்நாய் அளவுக்கு இல்லை. சாதாரணமாக நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தைந்து வரை நமக்கு இறங்கும்.

இப்போது செய்முறைக்கு வருவோம். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வயதுப் பெண், இதய நோய் இல்லை, மருந்து எதுவும் எடுப்பதில்லை. இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் ஒரு சண்டை. போனை வைத்து அரை மணி நேரமாகியும் நெஞ்சு அடங்கவில்லை. முதலில் அவர் நாடியை எண்ண வேண்டும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு விரல் வைத்து, 30 வினாடி எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். 58 என்று வந்தால் நிமிடத்துக்கு 116. எண்ணாமல் செய்தால் குறைந்ததா இல்லையா என்று பிறகு தெரியாது.

அடுத்து, முகம் முழுதும் அமிழ்கிற அகலமான பேசினில் இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீர். அதில் 300 கிராம் ஐஸ். வீட்டு ஐஸ் தட்டில் ஒரு கட்டி 25 கிராம் அளவில் இருந்தால் பன்னிரண்டு கட்டி. பெரும்பகுதி கரையும் வரை கையால் கலக்கினால் தண்ணீர் ஏறக்குறைய 13 டிகிரிக்கு வந்துவிடும். மிச்சக் கட்டிகளை எடுத்துவிடுங்கள். பேசினை மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து குனியுங்கள். நின்றுகொண்டு செய்ய வேண்டாம், தலை சுற்றினால் விழ நேரும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

வழக்கமான ஒரு மூச்சை இழுத்து, அதை அப்படியே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நெற்றியிலிருந்து மேலுதடு வரை தண்ணீருக்குள் வையுங்கள். பதினைந்திலிருந்து முப்பது வினாடி. மூச்சு வேண்டும் என்று தோன்றினால் பத்தாவது வினாடியிலேயே தலையைத் தூக்கிவிடுங்கள். இது யார் அதிக நேரம் அடக்குவது என்ற போட்டி இல்லை. முன்கூட்டியே நாலைந்து முறை வேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குவது தவறு. அது கரியமில வாயுவை வெளியேற்றி, மூச்சு முட்டும் எச்சரிக்கையைத் தள்ளிப்போட்டு, மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

முங்கிய சில வினாடிகளிலேயே நாடி இறங்கத் தொடங்கும். முப்பதாவது வினாடியை நெருங்கும்போது நன்றாகக் குறைந்திருக்கும். அந்தப் பெண் முங்கியிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால், 116 என்பது 104க்கும் 87க்கும் இடையில் எங்கேயோ வந்திருக்கும். தலையைத் தூக்கியதும் கொஞ்சம் திரும்ப ஏறும். இதைப் பார்த்துத்தான் பலர் பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு நிமிடம் மெல்ல மூச்சை வெளியே விட்டு, மறுபடி ஒரு முறை, தேவையானால் மூன்றாவது முறை. அத்தோடு போதும்.

முகத்தைத் தண்ணீரில் வைக்கப் பயமாக இருந்தால் துண்டு போதும். அதே 13 டிகிரித் தண்ணீரில் நனைத்து லேசாகப் பிழிந்து நெற்றி, கண், கன்னத்து மேட்டின்மேல் போர்த்தி, குனிந்து மூச்சைப் பிடியுங்கள். நம் காற்றில் துண்டு சீக்கிரம் சூடாகிவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக நனைக்க வேண்டும். வெளியே இருந்தால், ஐஸ் மைலோ கட்டித் தருகிற மாதிரிப் பிளாஸ்டிக் பையில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றிக் கட்டி, மெல்லிய துணி சுற்றிக் கண்ணுக்கு மேலே வைக்கலாம். தண்ணீர் ஏன் என்றால், வெறும் கட்டி அங்கங்கேதான் தொடும், தண்ணீர் சேர்ந்தால் முகம் முழுக்கப் படியும். ஐஸை நேராகத் தோலில் அழுத்த வேண்டாம். தோல் புண்ணாகும். அதோடு வலி வரும், வலி வந்தால் நாடி ஏறும். அதிகக் குளிர் என்றால் அதிகப் பலன் என்று நினைக்காதீர்கள்.

இதே காரணத்தால்தான் ஐஸ் கட்டியை உள்ளங்கையில் இறுகப் பிடிப்பது நாடிக்கு உதவாது. மனம் வேறு பக்கம் திரும்பலாம், ஆனால் கையை ஐஸ் தண்ணீரில் வைத்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது மருத்துவர்கள் சோதனையாகவே செய்து பார்ப்பது. அதைவிட முக்கியம்: குளிர்ந்த நீரை நெஞ்சிலோ முதுகிலோ ஊற்றாதீர்கள். உடம்பு முழுதும் திடீரென்று குளிர்ந்தால் 'ஹா' என்று மூச்சை இழுத்து, நாடி தாறுமாறாக ஏறும். முகத்தின் குளிர் இதயத்தை மெல்லப் போகச் சொல்கிறது, உடம்பின் குளிர் ஓடச் சொல்கிறது. இரண்டு ஆணையும் ஒரே நேரத்தில் போனால் துடிப்பின் ஒழுங்கே குலையலாம். ஐஸ் தொட்டியில் உட்கார்ந்து தலையையும் முக்குவது அதனால் ஆபத்து. முகம் மட்டும், நேயர்களே. முகம் மட்டும்.

யார் இதைத் தொடக்கூடாது? இதய நோய் உள்ளவர்கள், நாடி ஏற்கெனவே மெதுவாக அடிப்பவர்கள், நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், அடிக்கடி மயங்கி விழுபவர்கள், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்கள். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு சொல். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குப் படபடப்பும் வியர்வையும் கை நடுக்கமும் வந்தால், ஐஸைத் தேடாதீர்கள். விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 4 mmol/Lக்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். காய்ச்சலிலும், வயிற்றுப்போக்கிலும், டெங்கியிலும் நாடி ஓடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே நீர்ச்சத்தும் சிகிச்சையும்தான் வேண்டும், நாடியை மட்டும் அடக்கிப் பயனில்லை.

நேரம் முடிகிறது என்று எதிரே கை காட்டுகிறார்கள். வெந்நீர்க் குளியலைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக, படபடப்பின்போது அது வேண்டாம், சூடு ரத்தக் குழாய்களை விரித்து நாடியை ஏற்றும். சூடான தே தாரேயும் அப்போதைக்கு வேண்டாம், சூட்டோடு காஃபினும் சேர்கிறது. கடைசியாக ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போது விசையைத் தட்டியது போலத் திடீரென்று தொடங்கி, எண்ணவே முடியாத வேகத்தில், 150க்கு மேலே அடித்தால், அது பதற்றமாக இல்லாமல் இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். நிற்காவிட்டால், நாடி அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளினிக்கில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், நின்ற பிறகு எடுத்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் எது சேர்ந்தாலும் பேசினைத் தேட வேண்டாம், 999ஐ அழையுங்கள். வணக்கம்.