எட்டாயிரம் அடி நடந்தும் குறையாத சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிய வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கைப்பேசி தினமும் எட்டாயிரம் அடி காட்டுகிறதே, அதற்கு மேல் தனியாக உடற்பயிற்சியும் செய்ய வேண்டுமா?" என்பதே அது.

அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 108, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 168. பேருந்து நிறுத்தம், மாடிப்படி, தேநீர்க் கடை என்று அவருடைய எட்டாயிரம் அடியும் சிறு சிறு துண்டுகளாகவே சேர்கின்றன. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்தால், படுக்கப் போகும்வரை அவர் எழுவதில்லை. நாளின் மொத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்க்கரை ஏறும் அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் கால் அசைவதில்லை.

தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் தயவை முழுதும் எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உணவுக்குப் பின் இன்சுலின் போதிய அளவில் வேலை செய்யாத ஒருவருக்கு அந்த வழி எவ்வளவு பெரிய உதவி என்பதை 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அறுபது வயதைக் கடந்த, சர்க்கரை சற்றே கூடியிருந்த பத்துப் பேரை ஒரு சமயம் காலையில் 45 நிமிடமும், ஒரு சமயம் பிற்பகலில் 45 நிமிடமும், மற்றொரு சமயம் மூன்று வேளை உணவுக்குப் பிறகும் பதினைந்து பதினைந்து நிமிடமாகவும் நடக்கச் செய்தார்கள். மொத்த நடை ஒன்றே. ஆயினும் இரவு உணவுக்குப் பிந்தைய மூன்று மணி நேரச் சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்தது மூன்றாகப் பிரித்த நடைதான். பத்துப் பேரைக் கொண்டு பெரிய முடிவுக்கு வர முடியாது என்பது உண்மை. ஆனாலும் தசையின் இயல்போடு அது பொருந்தி வருவதால் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அப்படியானால் அடிகளை எண்ணுவது வீண் வேலையா? இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், இதே நிலையில் இருந்தவர்களுக்கு உடலுழைப்பைப் பற்றி வகுப்பு எடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் அடி எண்ணும் கருவியையும் அவரவருக்கேற்ற அடி இலக்கையும் கொடுத்தார்கள். ஓர் ஆண்டுக்குப் பின், வகுப்பும் கருவியும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, கருவி பெற்றவர்களின் இரண்டு மணி நேரச் சர்க்கரை ஏறக்குறைய 24 மில்லிகிராம் குறைந்திருந்தது. கருவி இல்லாமல் வகுப்பு மட்டும் கேட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அரை மணி நேரம் நடங்கள் என்ற சொல் காதோடு போய்விடுகிறது. கையிலிருக்கும் எண் அப்படிப் போவதில்லை. (பத்தாயிரம் என்ற புகழ்பெற்ற இலக்கு மட்டும் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து பிறந்தது, மருத்துவம் கொடுத்ததன்று.)

ஆகவே நம் கணக்காளர் எட்டாயிரத்தைப் பன்னிரண்டாயிரமாக உயர்த்தப் பாடுபட வேண்டியதில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டு எழுந்த சிறிது நேரத்தில், நிமிடத்துக்கு நூறு அடி என்ற வேகத்தில் பதினைந்து நிமிடம் நடந்தால் போதும். வேளைக்கு ஆயிரத்து ஐந்நூறு அடி ஆகிறது. பேச முடியும், பாட முடியாது என்பதே அந்த வேகத்துக்கு அடையாளம். மூன்று வேளையும் இயலாதென்றால் இரவு வேளையையாவது விடக்கூடாது. இதோடு வாரம் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். இதைக் கைப்பேசி எண்ணாது. பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் கூடுதல் வலிமை ஓரிரு நாளில் தேய்ந்துவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பூப்பந்து ஆடிவிட்டு வாரம் முழுதும் உட்கார்ந்திருப்பது கணக்குக்கு உதவாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில், நடந்த நாள் நான்கு, நடக்காத நாள் நான்கு என்று, ஏறக்குறைய ஒரே உணவு உண்ட நாள்களில் குறித்துக்கொண்டு சராசரிகளை ஒப்பிட வேண்டும். வீட்டுக் கருவி பத்துப் பதினைந்து விழுக்காடு முன்னே பின்னே காட்டக்கூடியது. ஒரே ஓர் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையை அந்த மூன்று மாதம் ஆவதற்கு முன் திரும்பச் செய்வதில் பொருளில்லை.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு உணவுக்குப் பிந்தைய அளவு சரியாக இருந்து, வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியிருக்கும். இரவு முழுதும் கல்லீரல் வெளியிடும் சர்க்கரைக்கு அதில் பெரும் பங்குண்டு. சென்னையில் நடந்து 2016-இல் வெளியான டி-கிளிப் ஆய்விலும், வாழ்க்கைமுறை மாற்றத்தின் பலன் இத்தகையோருக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே கிடைத்தது. இரவு நடையை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் காலை எண் அசையாமல் நிற்கிறது என்று சோர்ந்து வருபவர்களில் இவர்களும் இருப்பார்கள். அவர்கள் நடையின் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன், இரண்டு மணி நேரக் குளுக்கோஸ் சோதனையைச் செய்துகொண்டு, அந்த முடிவோடு மருத்துவரிடம் போவது நல்லது.